ஆஃபர் லெட்டரில் இருக்கிற நம்பருக்கே போன் போட்டுக் கேட்காதீர்கள்

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் விண்ணப்பம், பான் கார்டு என்று எல்லாம் ஓடும். வளைகுடா வேலைக்கான ஆஃபர் லெட்டரைக் கலர் பிரிண்ட் எடுக்க வருபவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அப்படி ஒரு நாள் ஐடிஐ ஃபிட்டர் படித்த பையன் ஒருவன் போனை நீட்டினான்.

"அண்ணே, இத கலர்ல ரெண்டு காப்பி போடுங்க. துபாய் கம்பெனி."

"யாரு மூலமா தம்பி?"

"ஏஜென்ட் கிடையாதுண்ணே, கம்பெனியே நேரா மெயில் பண்ணியிருக்கு. லைசென்ஸ் நம்பர்லாம் போட்டிருக்கான், பாருங்க."

லைசென்ஸ் நம்பர் இருந்தது, முத்திரை இருந்தது, அரபு எழுத்து இருந்தது. ஸ்டோர் கீப்பர் வேலை, மாதம் 4,500 திர்ஹம், நம் பணத்தில் சுமார் ஒரு லட்சம். சாப்பாடு, தங்குமிடம், போக வர டிக்கெட் எல்லாம் இலவசம். கடைசிப் பக்கத்தில் மட்டும், லேபர் கார்டு சான்றொப்பத்துக்கு 18,500 ரூபாயை 48 மணி நேரத்துக்குள் கட்ட வேண்டும், முதல் சம்பளத்தோடு அது திரும்பக் கிடைக்கும் என்று இருந்தது.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அன்று நாங்கள் என்னென்ன பார்த்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர், முகவரிகளை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் லைசென்ஸ். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்து அனுப்பும் முகவர், 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவுச் சான்றிதழைத்தான் தொழிலில் இருப்பவர்கள் ஆர்.சி. என்கிறார்கள். அதன் எண் வெறும் இலக்கங்களாக இருக்காது. இடையிடையே சாய்கோடு போட்டு, ஊர் அல்லது மாநிலக் குறியீடு, எத்தனை பேரை அனுப்பலாம் என்பதைக் காட்டும் 1000+ போன்ற பிரிவு, கடைசியில் ஆண்டு என்று ஒரு சரம் போல நீளும்.

சட்டென்று ஏமாந்துபோகும் இடமும் இதுதான். ஜிஎஸ்டி எண், கம்பெனிப் பதிவு எண், உத்யம் சான்றிதழ், ஐஎஸ்ஓ முத்திரை, டிராவல்ஸ் நடத்துவதற்கான பதிவு என்று கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவர் முழுக்க மாட்டியிருப்பார்கள். எல்லாமே உண்மையான சான்றிதழ்களாகவும் இருக்கலாம். ஆனால் ஆள் அனுப்புவதற்கான அனுமதி அதில் எதிலும் கிடையாது. டிக்கெட் போடுகிற டிராவல்ஸ்காரருக்கு ஆள் எடுக்கும் உரிமை தனியாக வாங்கினால்தான் உண்டு. "நான் சென்னை ஏஜென்ட்டோட ஆளு, அவர் லைசென்ஸ்லதான் பண்றேன்" என்று ஊருக்குள் வந்து பாஸ்போர்ட் சேகரிக்கிற சப் ஏஜென்ட்டுக்கும் இது பொருந்தும். அடுத்தவர் லைசென்ஸ் நிழலில் நின்று தொழில் செய்யச் சட்டம் இடம் தரவில்லை.

பையனின் கடிதத்தில் இருந்த எண் சரியான வடிவத்தில்தான் இருந்தது. emigrate.gov.in தளத்துக்குப் போனோம். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் அங்கே இருக்கிறது, பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம். எண்ணைப் போட்டதும் மும்பை நிறுவனம் ஒன்று வந்தது, பதிவும் நடப்பில்தான் இருந்தது. பையன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களாண்ணே!"

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மோசடிக்காரனும் அதை நம்பித்தான் எண்ணைப் போடுகிறான். போலியாக ஒரு எண்ணை உருவாக்குவதைவிட, தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிற உண்மையான எண்ணை எடுத்து ஒட்டிக்கொள்வது அவனுக்குச் சுலபம். அந்த எண் செல்லுமா என்று பார்ப்பது பாதி வேலைதான். எண்ணுக்குச் சொந்தக்காரரும் நமக்குக் கடிதம் அனுப்பியவரும் ஒரே ஆள்தானா என்பது மீதிப் பாதி.

தளத்தில் அந்த நிறுவனத்தின் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் இருந்தன. கடிதத்தில் இருந்தவற்றோடு ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. தளத்தில் இருந்தது மும்பை லேண்ட்லைன், கடிதத்தில் இருந்தது ஒரு இந்திய மொபைலும் +971 என்று தொடங்கும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும். தளத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். கடிதத்தில் இருந்ததற்குப் போட்டிருந்தால் யார் எடுத்திருப்பார்கள், என்ன பதில் வந்திருக்கும் என்பது தெரிந்ததுதானே. மும்பையில் எடுத்த அம்மா, அந்தப் பெயரில் துபாய் கம்பெனி எதற்கும் தாங்கள் ஆள் எடுக்கவில்லை என்றார். இதே கடிதத்தைப் பற்றிக் கேட்டு ஏற்கனவே வேறு சிலரும் பேசினார்களாம், ஒரு பிரதியைத் தங்களுக்கும் அனுப்பச் சொன்னார்.

முகவர் உண்மையானவராகவே இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும். இந்த வேலைக்கு ஆள் எடுக்க அந்த வெளிநாட்டுக் கம்பெனி இவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறதா? அதற்கு மூன்று தாள்கள் உண்டு. எத்தனை பேர், என்ன வேலை, என்ன சம்பளம் என்று கம்பெனி எழுதித் தரும் டிமாண்ட் லெட்டர் ஒன்று. தன் சார்பில் ஆள் எடுக்க முகவருக்குக் கொடுக்கும் பவர் ஆஃப் அட்டர்னி இன்னொன்று. மூன்றாவது மாதிரி ஒப்பந்தம். நேர்மையான முகவரிடம் இவற்றைக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்கமாட்டார். அது கம்பெனி ரகசியம் என்று மழுப்புகிறவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அடுத்து பணம். முகவர் தன் சேவைக் கட்டணமாக ஒருவரிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் வாங்கலாம். 18 சதவீதம் சேர்த்தால் 35,400. ரசீது கொடுக்க வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கொடுத்துப் போனவர்கள் எங்கள் பக்கம் ஏராளம், அதையே ஊர் வழக்கமாக்கிவிட்டோம். லைசென்ஸ் உள்ளவரே அவ்வளவு கேட்டாலும் அது விதிமீறல்தான். ஆனால் பையனிடம் பணம் கேட்டது முகவர் அல்ல, "கம்பெனி". ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி ஆள் எடுக்கிற செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும், தொழிலாளியிடம் வசூலிக்கவே கூடாது. அப்படியிருக்க, துபாய் கம்பெனியே விசாவுக்கும் லேபர் கார்டுக்கும் பணம் கேட்டு எழுதியிருக்கிறது என்றால் தொகை சின்னதா பெரியதா என்று யோசிக்க வேண்டியதில்லை. திருப்பித் தருவேன் என்கிற வாக்குறுதியும் எதையும் மாற்றாது.

பணம் போகச் சொன்ன இடத்தையும் பார்த்தோம். யுபிஐ ஐடியைப் போட்டதும், தொகையை அடிப்பதற்கு முன்பே, கணக்கு வைத்திருப்பவரின் பெயர் திரையில் வந்துவிடுகிறது அல்லவா? வந்தது ஏதோ ஒரு தனி ஆளின் பெயர். துபாய் கம்பெனியும் இல்லை, மும்பை நிறுவனமும் இல்லை.

இனி ஒப்பந்தம். கடிதத்தை வரி வரியாகப் படிக்க அன்றைக்கு எங்களுக்குப் பொறுமை இருந்தது. சம்பளம் அதிகமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட்டால் பையன்கள் காதில் ஏறாது, "அவனுக்குப் பொறாமை" என்றுகூட நினைப்பார்கள். அந்த நாட்டின் சட்டத்தோடு இடிக்கிற வரி எது என்று காட்டினால்தான் நம்புவார்கள். மூன்று இடங்கள் இடித்தன.

ஒன்று முத்திரை. 'தொழிலாளர் அமைச்சகம்' என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் வட்ட முத்திரை போட்டிருந்தார்கள். அமீரகத்தில் அந்த அமைச்சகத்துக்கு 2016-லேயே மனிதவள மற்றும் அமீரகமயமாக்கல் அமைச்சகம் என்று பெயர் மாறிவிட்டது. mohre என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். இன்றைய தேதி போட்ட கடிதத்தில் பழைய பெயர் வரக் காரணமே இல்லை, பழைய கடிதம் ஒன்றின் படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்தால் ஒழிய.

இரண்டாவது, ஒப்பந்தக் காலம். 'கால வரம்பற்ற ஒப்பந்தம்' என்று இருந்தது. முன்பு அங்கே வரம்புள்ளது, வரம்பற்றது என்று இரண்டு வகை இருந்தது உண்மை. 2022 பிப்ரவரி 2-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டம் தனியார் துறையில் வரம்பற்ற வகையை எடுத்துவிட்டது. இப்போது எல்லா ஒப்பந்தத்திலும் காலம் குறிப்பிட்டிருக்க வேண்டும், முடிந்ததும் புதுப்பித்துக்கொள்ளலாம். ஏமாற்றுகிறவர்கள் ஒரே வார்ப்பைப் பல வருடம் ஓட்டுவதால் இதுபோன்ற பழைய சரக்கு கடிதத்தில் தங்கிவிடுகிறது.

மூன்றாவதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மாதச் சம்பளத்தில் 5 சதவீதம் வருமான வரி பிடிக்கப்படும் என்று எழுதியிருந்தான். அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. அங்கே போக நினைக்கிற எல்லோருக்கும் அது தெரியும், பையனுக்கும் தெரியும். ஆனால் ஒரு லட்சம் என்ற எண்ணைப் பார்த்த பிறகு அதற்குக் கீழே இருப்பதைக் கண் படிப்பதில்லை.

இருக்கக் கூடாதவை ஒருபுறம் என்றால், இருக்க வேண்டியவை இல்லாததும் ஒரு அடையாளம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டவில்லை. அங்கே வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும், முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். அதனால் உண்மையான ஒப்பந்தத்தில் இந்தப் பிரிவு தவறாமல் இருக்கும். வேலை நேரமும் இல்லை. வழக்கமான நேரம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதைத் தாண்டினால் குறைந்தது 25 சதவீதம் கூடுதல் கூலி என்பது சட்டம். தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, இந்தக் கடிதத்திலோ அந்தப் பேச்சே இல்லை. வேலை நடக்கும் இடம்கூட 'துபாய்' என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிட்டது.

அசலான அமீரக ஆஃபர் கம்பெனியின் லெட்டர்பேடில் அடித்த அழகான கடிதத்தோடு நின்றுவிடாது. அமைச்சகத்தின் வார்ப்பில், அதன் கணினி அமைப்பிலிருந்து எண்ணோடு வரும் ஒரு ஆவணம் உண்டு. அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரிகிற மொழியிலும் அது இருக்கலாம், தமிழும் அந்த மொழிகளில் ஒன்று. அதில் கையெழுத்துப் போட்ட நிபந்தனைகளைத்தான் அங்கே போன பிறகு ஒப்பந்தமாகப் பதிய வேண்டும், குறைத்துப் பதியக் கூடாது. அந்த எண்ணை வைத்து mohre.gov.ae தளத்தில் சரிபார்க்க முடியும். "அதெல்லாம் அங்கே போன பிறகு பார்த்துக்கலாம்" என்ற பேச்சு வந்தால் உஷாராகுங்கள்.

அப்புறம் அனுப்பியவர் யார் என்பது. போனில் மெயிலைத் திறந்தால் பெயர்தான் பெரிதாகத் தெரியும், முகவரி ஒளிந்திருக்கும். பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டு விரித்தபோது இப்படி இருந்தது. கம்பெனியை ABC என்று வைத்துக்கொள்வோம்.

```
From: "ABC Group HR" <careers@abc-group-uae.com>
Reply-To: abcgroup.visadesk@gmail.com
```

முதல் வரி நன்றாகத்தான் தெரிகிறது. இரண்டாவது வரி, நாம் பதில் போட்டால் அது எங்கே போகும் என்பதைச் சொல்கிறது. கம்பெனி முகவரியிலிருந்து அனுப்பிவிட்டுப் பதிலை ஜிமெயிலுக்கு வரச் சொல்கிற கம்பெனியை நான் இதுவரை பார்த்ததில்லை.

முதல் வரியையும் சும்மா விடக் கூடாது. டொமைன் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகுங்கள். கடைசியில் இருக்கிற .com என்ற பகுதி, அதற்கு முந்தைய புள்ளி வரை உள்ள சொல், இரண்டும் சேர்ந்ததுதான் சொந்தக்காரரைக் காட்டும். abc.ae என்பது ஒரு வீடு, abc-group-uae.com வேறு வீடு, abc.ae.jobs-visa.com என்று இருந்தால் அது jobs-visa என்பவனின் வீடு. முன்னால் எத்தனை நல்ல பெயர் ஒட்டியிருந்தாலும் அது வாசலில் மாட்டிய பெயர்ப்பலகைதான்.

ABC என்ற கம்பெனி உண்மையிலேயே துபாயில் இருக்கிறது, பெரிய கம்பெனிதான். அதன் இணையதளத்தைத் தனியாகத் தேடி எடுத்துப் பார்த்தால் முகவரி .ae என்று முடிகிறது. மெயில் வந்த டொமைனை lookup.icann.org தளத்தில் போட்டோம். அதில் Created என்ற இடத்தில் வரும் தேதியைப் பார்த்தால் போதும், மற்ற விவரங்களைப் பெரும்பாலும் மறைத்துவிடுவார்கள். பல ஆண்டாகத் தொழில் செய்வதாகக் கடிதத்தின் தலைப்பில் போட்டிருந்த கம்பெனியின் டொமைனுக்கு வயது 19 நாள்.

ஜிமெயிலைக் கணினியில் திறந்து மூன்று புள்ளியை அழுத்தி Show original போனால் SPF, DKIM, DMARC என்று மூன்று வரி தெரியும். விவரம் தெரிந்த சிலர் இதைப் பார்த்துவிட்டு எல்லாம் PASS என்று வந்ததால் மெயில் அசல் என்று முடிவு கட்டுகிறார்கள். PASS என்றால் அந்த டொமைனிலிருந்துதான் மெயில் வந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். டொமைனே திருடனுடையது என்றால் அவன் மெயிலும் PASS ஆகத்தான் செய்யும். இங்கேயும் மூன்றும் PASS. FAIL என்று வந்தால் சந்தேகப்படலாம், PASS என்று வந்தால் நிம்மதி அடைய எதுவும் இல்லை.

வாட்ஸ்அப்பிலும் இதே கதைதான். +971 எண்ணிலிருந்து பேசுகிறவர் துபாயில் இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்குத் தொடங்கும்போது ஓடிபி வாங்கிவிட்டால், பிறகு அந்தக் கணக்கை எந்த ஊரிலிருந்தும் ஓட்டலாம். பிசினஸ் அக்கவுண்ட் என்று வருவதும் இலவசச் செயலியில் யாரும் வைத்துக்கொள்ளக்கூடிய அடையாளம்தான்.

இந்தச் சோதனைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி அவசரமில்லை. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர் என்று அச்சிட்டிருக்கும். அவர்கள் அமீரகம், சவுதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அதில் வெளிநாட்டு முதலாளி, ஒப்பந்தம், காப்பீடு எல்லாம் இமைகிரேட் வழியாக ஒருமுறை அலசப்படுகிறது. அந்த அலசலிலிருந்து தப்பிக்கத்தான் "விசிட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்கிறார்கள். படித்த பையன்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை, வசதிதான். ஆனால் அவர்கள் கடிதத்தை வழியில் யாரும் நிறுத்திப் பார்க்கமாட்டார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று ஐடி தெரிந்த இளைஞர்களை அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பக்கம் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்ததைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரிக்கை விட்டது. தமிழ்நாட்டுப் பையன்களும் அதில் சிக்கி மீண்டு வந்தார்கள். மியான்மர், கம்போடியா, லாவோஸ் மூன்றும் அந்த 18 நாட்டுப் பட்டியலில் இல்லை.

ஃபிட்டர் பையனிடம் இருந்தது இசிஆர் இல்லாத பாஸ்போர்ட். அவனுக்கு விசா நகல் ஒன்றும் வந்திருந்தது. அதை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் சரி, விசா வகை என்ற இடத்தில் சுற்றுலா என்று ஆங்கிலத்தில் இருந்தது. வேலைக்கு அழைப்பவன் அனுப்பிய தாளில் அந்த ஒரு சொல்லை அழிக்கக்கூட அவன் மெனக்கெடவில்லை.

சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் பிரவாசி பாரதீய சகாயதா கேந்திரா, கட்டணமில்லா எண் 1800 11 3090. சென்னை அசோக் நகரில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு அரசே ஆள் அனுப்பும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் நடக்கிறது. பணம் போய்விட்டது என்றால் இவை எதுவும் முதலில் அல்ல. 1930-க்குப் போட வேண்டும், cybercrime.gov.in தளத்தில் புகார் பதிய வேண்டும். பணம் அந்தக் கணக்கை விட்டு வெளியேறுவதற்குள் சொன்னால் வங்கி அதை நிறுத்தி வைக்க வழியுண்டு, ஆகவே மணிக்கணக்கில்தான் யோசிக்க வேண்டும், நாள்கணக்கில் அல்ல.

இதைச் சொன்னபோதுதான் பையன் மெதுவாக வாயைத் திறந்தான். "அண்ணே, என் சித்தப்பா மவன் போன வாரமே கட்டிட்டான். விசா வரலன்னு கேட்டதுக்கு இன்னொரு 12,000 கட்டச் சொல்றாங்களாம்."

அவனையும் கடைக்கு வரச் சொன்னோம். ஒன்பது நாள் ஆகியிருந்தது. 1930-க்குப் போட்டு, பரிவர்த்தனை எண், யுபிஐ ஐடி, வாட்ஸ்அப் அரட்டை, கடிதம் எல்லாம் சேர்த்துப் புகார் பதிந்தோம். அரட்டையை அழிக்காமல் வைத்திருந்தான், அது ஒன்றுதான் நல்ல செய்தி. அன்றைக்கு என் கடையில் கலரில் அடித்த ஆஃபர் லெட்டர் எதுவும் இல்லை. கருப்பு வெள்ளையில் புகாரின் ஒப்புகைச் சீட்டு இரண்டு காப்பி அடித்துக் கொடுத்தேன், ஒன்று அவனுக்கு, ஒன்று மும்பைக்கு அனுப்ப.